எழுபத்தைந்து சென்டிமீட்டர் நடை

கட்டில் வாங்க வருகிறவர்கள் கட்டிலைப் பற்றி மட்டும்தான் யோசிக்கிறார்கள். அதைச் சுற்றி நடக்கவும் இடம் வேண்டும் என்பது ஒருவருக்கும் தோன்றுவதில்லை. கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில் பிரதான வீதியோரம் இருக்கும் ஒரு தளபாடக் கடையில் பதினோராவது வருடமாக இந்தக் கொடுமையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பத்தடி அறைக்கு ஏழடிக் கட்டில் கேட்பார்கள். கூடவே மூன்று கதவு அலுமாரியும் கேட்பார்கள். அலுமாரிக் கதவைத் திறந்தால் அது கட்டிலில் இடிக்குமே என்று சொன்னால், “பாதி திறந்தாப் போதும்” என்பார்கள். பாதி திறந்த அலுமாரியிலிருந்து முழுச் சேலையை எடுக்க முடியாது என்று அவர்களுக்கு யார் சொல்வது? நான்தான் சொல்வேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

கடையின் பின்பக்கம், மெத்தைகள் அடுக்கிவைத்திருக்கும் சுவரோரம் என் மேசை. வீட்டின் அளவுகளைக் கொண்டுவந்தால் பிளான் வரைந்து, எந்தச் சாமான் எங்கே நிற்கும் என்று காட்டுவேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று கடையில் எல்லோருக்கும் தெரியும். மஹய்யாவவில் இருக்கும் என் வீட்டில் நான் வாயைத் திறந்தால் பக்கத்து வீட்டில் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டுவார்கள். ஆனால் பிளான் போடும்போது மட்டும் நான் சாதுவாகிவிடுவேன். காகிதத்தில் கட்டில் சொன்ன இடத்தில் நிற்கும், எதிர்த்துப் பேசாது.

வாடிக்கையாளர்களுக்கு வாயால் விளக்கி அலுத்துப்போய், நானே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். ஐம்பதுக்கு ஒன்று என்ற அளவில் வீட்டை வரைவேன். அதாவது, காகிதத்தில் இரண்டு சென்டிமீட்டர் என்றால் வீட்டில் ஒரு மீட்டர். அதே அளவில் கட்டில், சோபா, சாப்பாட்டு மேசை, அலுமாரி எல்லாவற்றையும் தடித்த காகிதத்தில் அச்செடுத்து, வெட்டி, ஒரு உறையில் போட்டுக் கொடுப்பேன். கட்டில் துண்டில் தலையணை இரண்டு சின்னப் பெட்டிகளாக இருக்கும். அலுமாரித் துண்டில் கதவு திறக்கும் வட்ட வில்லும் சேர்ந்தே இருக்கும், ஏமாற்ற முடியாது. உறைக்குள் இரண்டு பட்டைகளும் இருக்கும். மஞ்சள் பட்டை தொண்ணூறு சென்டிமீட்டர் அகலம், வீட்டின் முக்கிய நடைவழிக்கு. ரோஸ் பட்டை எழுபத்தைந்து, ஒரு ஆள் நின்று வேலை செய்து, திரும்பி, போய்வர. “இந்தப் பட்டை ரெண்டு சாமானுக்கு நடுவுல படுத்தா நீங்க நடக்கலாம். படுக்கலேன்னா நீங்களும் நடக்க மாட்டீங்க” என்று சொல்லி அனுப்புவேன். வீட்டில் குடும்பமாக உட்கார்ந்து தள்ளித் தள்ளிப் பார்ப்பார்கள், சண்டை போடுவார்கள், கடைசியில் ஒரு முடிவோடு வருவார்கள். என் தொண்டை மிச்சம்.

இந்த ஏற்பாட்டில் எனக்குப் பெருமை கொஞ்சநஞ்சமில்லை. அந்தத் தம்பதி வந்து என் மூக்கை உடைக்கும் வரைக்கும் அது குறையவுமில்லை.

கட்டுகஸ்தோட்டைப் பக்கத்திலிருந்து வந்திருந்தார்கள். அவருக்கு ஐம்பத்தைந்து இருக்கும், நல்ல ஆகிருதி, இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனவர். அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு வீதியிலிருந்து அறுபத்துச் சொச்சம் படி ஏற வேண்டும். கண்டியில் அது ஒன்றும் அதிசயமில்லை, ஆனால் முழங்கால் ஒத்துழைக்க வேண்டுமே. அதனால் நகருக்கு மேலே மலைச்சரிவில், லிப்ட் இருக்கும் ஒரு தொடர்மாடியில், ஐந்தாம் மாடியில் இரண்டு அறை வீடு ஒன்றை வாங்கியிருந்தார்கள். அவர் மனைவி கல்யாண உடுப்புத் தைப்பவர். கண்டியைச் சுற்றி எத்தனையோ மணப்பெண்கள் அவர் கையால் வெட்டிய துணியில்தான் மேடை ஏறியிருக்கிறார்கள். இங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள், அண்ணனை நானா என்பார்கள். நானும் அவர்களை அப்படித்தான் கூப்பிட்டேன். அவர்கள் பேச்சில் ‘இருக்கு’ என்பது ‘ஈக்கு’, ‘சொல்லுங்க’ என்பது ‘செல்லுங்க’.

நானா கட்டில், சோபா, சாப்பாட்டு மேசை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். தாத்தா ஒன்றும் கேட்கவில்லை. எல்லாம் எழுதி முடித்த பிறகு மெதுவாகச் சொன்னார்.

“மகள், என்கிட்ட ஒரு வெட்டுற மேசை ஈக்கு. பலா மரம். அது அங்க வருமா எண்டு மட்டும் பார்த்துச் செல்லுங்க.”

“எவ்வளவு பெருசு தாத்தா?”

“நாலடிக்கு ஆறடி.”

“செவுத்தோரமா போட்டா...”

“செவுத்தோரம் போட்டா அது மேசை இல்ல, தட்டு” என்றார் அவர். முதல் முறையாகக் குரல் உயர்ந்தது. “சாட்டின் துணிய விரிச்சு ஊசி குத்தினா பொறகு துணிய இழுக்க ஏலாது, நகர்ந்து போகும். துணி நிக்கும், நான்தான் சுத்தோணும். மூணு பக்கம் நடக்க இடம் வேணும் எனக்கு.”

எனக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துவிட்டது. பதினோரு வருடத்தில் சாமானைச் சுற்றி நடப்பதைப் பற்றித் தானாகப் பேசிய முதல் ஆள். அவர் கணவருக்கோ அந்த மேசை வருவதில் அவ்வளவு இஷ்டமில்லை. இரண்டாவது அறையில் ஒரு கட்டில் போட்டால் கட்டாரிலிருந்து மகன் லீவில் வரும்போது படுப்பான் என்று நினைத்திருந்தார். “இருவத்தஞ்சு வருஷம் தைச்சது போதாதா? கொஞ்சம் ஓய்வா ஈக்கட்டுமே” என்றார். கரிசனம்தான். ஆனால் தாத்தாவின் முகத்தைப் பார்த்த யாருக்கும் அந்த மேசையோடு எது போகும் என்று புரிந்திருக்கும். மேசை இல்லாவிட்டால் தையலும் இல்லை.

அன்றே கம்ப்யூட்டரில் பிளானை வரைந்து முடித்தேன். பெரிய தாள் அளவில், நடுவில் வீடும், ஓரத்தில் அறைகளின் அளவுகளும், எந்தக் குறி எந்தச் சாமான் என்ற பட்டியலுமாக. கீழ் மூலையில் ‘அளவு 1:50’ என்று என் வழக்கப்படி எழுதினேன். துண்டுகளைச் சின்னப் பிரிண்டரில் எடுத்து, வெட்டி, உறையில் போட்டு அவர்கள் கையில் கொடுத்தேன். பிளானை மட்டும் கொடுக்க முடியவில்லை. எங்கள் பெரிய பிரிண்டர் அன்று தாளைக் கடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. “நானா, போன்ல அனுப்புறேன். பக்கத்துல எங்கயாவது பிரிண்ட் எடுத்துக்கோங்க” என்றேன். இவ்வளவுதான் சொன்னேன். இதற்கு மேல் நான் சொல்லாமல் விட்டதுதான் கதை.

அடுத்த சனிக்கிழமை காலை இருவரும் வந்தார்கள். தாத்தா கலகலப்பாக இருந்தார். அந்தக் கலகலப்பு எனக்குச் சரியாகப் படவில்லை. கல்யாண வீட்டில் அழுது முடித்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்து பரிமாறுகிறவர்கள் அப்படித்தான் இருப்பார்கள்.

“மேசைய குடுத்துட்டேன் மகள்” என்றார். “அக்குறணையில ஒரு புள்ள, நல்லாத் தைக்கும், ரொம்ப நாளாக் கேட்டுட்டு ஈந்திச்சு. நாளைக்குக் காலையில மேசைய ஏத்திட்டுப் போக லொறி கொண்டு வரும். நமக்குக் கட்டிலும் சோபாவும் மட்டும் போதும். அதுவே நெருக்கமாத்தான் ஈக்கு.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?”

அது நான் கேட்கக்கூடிய கேள்வியே அல்ல. அவருடைய மேசை, அவருடைய வீடு. ஆனால் பிளான் என்னுடையது. அந்த இரண்டாவது அறை அகலம் இரண்டு மீட்டர் எழுபத்திரண்டு, நீளம் மூன்று மீட்டர். வரையும்போதே மனக்கணக்கில் அந்த மேசையை ஜன்னல் பக்கம் தலை வைத்து நிறுத்திப் பார்த்திருந்தேன். நின்றது. அவர்களே கண்டுபிடித்துச் சந்தோஷப்படட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு இது தேவைதான்.

“நாங்க எல்லாப் பக்கமும் தள்ளிப் பார்த்தோம்” என்றார் நானா. “ஒரு பக்கம் செவுத்துல ஒட்டி வெச்சாக்கூட மறுபக்கம் உங்கட ரோஸ் பட்டை படுக்குதில்ல. ஹால்ல சோபாவும் சாப்பாட்டு மேசையும் வெச்சாலே மஞ்சள் பட்டை போகுதில்ல. பிளெட்டை வித்தவன் எங்கள நல்லா ஏமாத்திட்டான்.”

“கொண்டாங்க அந்தப் பிளானை.”

தாத்தா கைப்பையிலிருந்து எடுத்து விரித்தார். ஒரே மடிப்பு. துண்டுகளையும் கொட்டினார். நான் படபடவென்று மேசைத் துண்டை எடுத்து அறைக்குள் வைத்தேன். அவர்கள் சொன்னது உண்மை. பக்கத்தில் ரோஸ் பட்டை முட்டிக்கொண்டு நின்றது. இரண்டு தரம் வைத்துப் பார்த்தேன். தப்பான அறையை வரைந்துவிட்டேனா? அளவைத் தப்பாக எழுதினேனா? கோபக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு, தப்பு தங்கள் பக்கம் என்று தெரிய வரும்போது இன்னும் சத்தமாகக் கத்துவார்கள். நானும் அதற்கு வாயைத் திறந்துவிட்டேன். அந்த நேரம் கட்டில் துண்டு கை தட்டி நழுவி, தாளின் ஓரத்தில் இருந்த குறிப் பட்டியல் மேல் போய் விழுந்தது.

பட்டியலிலும் ஒரு கட்டில் இருந்தது. அதே இரண்டு தலையணை, அதே கோடு. ஆனால் துண்டுக் கட்டில் அதை முழுக்க மூடி, சுற்றிலும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்று தாயும் ஒன்று பிள்ளையுமாக இருந்தன. இரண்டும் ஒரே கோப்பிலிருந்து நான் எடுத்தவை. இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

ஐம்பதுக்கு ஒன்று கணக்கில் அளவு காட்டும் ஸ்கேல் ரூலரை இழுத்து, பிளானில் வீட்டு வாசல் கதவின் மேல் வைத்தேன். தொண்ணூறு சென்டிமீட்டர் காட்ட வேண்டிய கதவு அறுபத்து நான்கு காட்டியது.

“நானா, இதை எங்க பிரிண்ட் எடுத்தீங்க?”

“சந்தியில, போட்டோக்கொப்பி எடுக்கிற கொமினிகேஷன் கடையில.”

“எந்தத் தாள்ல?”

“சாதாரணத் தாள்ல. பெருசா ஈந்திச்சு, அவன் தாளுக்கு ஏத்த மாதிரி சின்னமாக்கித் தந்தான். எழுத்தெல்லாம் நல்லாத் தெரியுதுதானே?”

எழுத்தெல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது. மூலையில் ‘அளவு 1:50’ என்று நான் எழுதியதும் பளிச்சென்று தெரிந்தது. வீடு சுருங்கிவிட்டது, அந்த எழுத்து மட்டும் பொய் சொல்லிக்கொண்டு நின்றது. மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் கூடுதலான அளவே மிஞ்சிய வீட்டுக்குள், சுருங்காத சாமான்களை வைத்து, இந்த இரண்டு பேரும் ஒரு வாரம் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். ஒரு மனுஷி தன் தொழிலையே தூக்கிக் கொடுத்திருக்கிறார்.

“நானா, இந்தப் பிளான்படி பார்த்தா நீங்க உங்க வீட்டு வாசலுக்குள்ள நேராப் போக மாட்டீங்க. பக்கவாட்டுலதான் நுழையணும்” என்றேன். அவர் தன் வயிற்றைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அந்த உடம்பு குலுங்கினால் பக்கத்தில் இருக்கிற மெத்தையும் குலுங்கும். தாத்தா சிரிக்கவில்லை. “அப்ப எது சரி?” என்றார்.

“நான்தான் பிழை விட்டேன்” என்றேன். சொல்லக் கஷ்டமாக இருந்தது, சொல்லிவிட்டேன். “பெரிய தாள்ல, சின்னமாக்காம எடுக்கணும்னு சொல்லியிருக்கணும். பிளான்லயே ஒரு மீட்டர், ரெண்டு மீட்டர்னு ஒரு கோடு போட்டிருக்கணும். தாள் சுருங்கினா கோடும் சேர்ந்து சுருங்கும், பட்டைய வெச்சுப் பார்த்த உடனே புடிபட்டிருக்கும்.” படித்த காலத்தில் ஒவ்வொரு படத்திலும் அந்தக் கோட்டைப் போடச் சொல்லித் தந்தார்கள். அலங்காரம் என்று நினைத்து நானே விட்டொழித்திருந்தேன்.

பிரிண்டருக்கு அதற்குள் புத்தி வந்திருந்தது. சரியான அளவில் எடுத்து விரித்தேன். மேசைத் துண்டை ஜன்னல் சுவரில் தலை ஒட்டி நடுவில் வைத்தேன். இடப்பக்கம் ரோஸ் பட்டை படுத்தது. வலப்பக்கமும் படுத்தது. கதவுப் பக்கம் ஒரு மீட்டர் பதினேழு. எண்பது சென்டிமீட்டர் கதவு உள்ளே திறந்தாலும் மேசைக்கு முப்பத்தேழு தள்ளி நிற்கும். தையல் மெஷினுக்கு ஹாலில் பால்கனிக் கதவோரம் வெளிச்சமான இடம். மகனுக்கு, விரித்தால் கட்டிலாகும் சோபா. மஞ்சள் பட்டை வாசலிலிருந்து பால்கனி வரை எதிலும் இடிக்காமல் போனது. நான் கடைக்கே கேட்கும்படி கைதட்டினேன்.

தாத்தா தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“மகள், கோவிக்க வேணாம். போன கிழமையும் இது தாள்தான். இன்னைக்கும் தாள்தான். நான் எப்படி நம்புறது?”

நியாயமான கேள்வி. கோபிக்க எனக்கு முகம் இல்லை. கடையில் பெட்டி ஒட்டும் டேப் இரண்டு சுருள், அளவு நாடா, ஒரு சோக்குக் கட்டி எல்லாவற்றையும் பையில் போட்டேன். முதலாளியிடம் அளவெடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவர்களோடு முச்சக்கர வண்டியில் ஏறினேன். அது பொய்யில்லை.

வெறும் வீடு. புதுச் சுண்ணாம்பு மணம். ஜன்னலுக்கு வெளியே மலைச்சரிவில் வீடுகள் ஒன்றின் தலையில் ஒன்று உட்கார்ந்திருந்தன. இரண்டாவது அறைக்குள் போய் அளவு நாடாவைச் சுவருக்குச் சுவர் விரித்தேன். இரண்டு மீட்டர் எழுபதுதான் இருந்தது. பூச்சு வேலைக்காரர் இரண்டு சென்டிமீட்டரை விழுங்கியிருந்தார். சொல்லாமல் மறைக்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. “தாத்தா, ரெண்டு பக்கமும் எழுபத்தஞ்சு இல்ல, எழுபத்து நாலு” என்றேன்.

“டேப்பை ஒட்டுங்க பார்ப்போம்” என்றார்.

சோக்கால் கோடு போட்டு, நாலடிக்கு ஆறடி மேசையைத் தரையில் ஒட்டினேன். இனி ஐம்பதுக்கு ஒன்று இல்லை, ஒன்றுக்கு ஒன்று. அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அபாயாவின் கையை முழங்கை வரை ஏற்றிக்கொண்டார். ஜன்னல் ஓரத்திலிருந்து, இல்லாத துணியை இரண்டு கையாலும் வீசி விரித்தார். குனிந்து நீவினார். வாயில் குண்டூசி வைத்திருப்பது போல உதட்டை மடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகக் குத்தினார். பிறகு இல்லாத கத்தரிக்கோலை எடுத்து ஒரு பக்கம் முழுக்க வெட்டிக்கொண்டே வந்து, கதவுப் பக்கம் திரும்பி, மறுபக்கம் ஏறிப் போனார். இடுப்பு சுவரில் இடிக்கவில்லை. முழங்கை இடிக்கவில்லை. நின்று, திரும்பி, அதே வழியில் வந்தார். இரண்டாவது சுற்றில் வேகம் கூடியது. மூன்றாவது சுற்றில் அவர் அளந்து பார்க்கவில்லை, வேலை செய்துகொண்டிருந்தார்.

“அந்தப் பக்கத்தைப் புடிங்க மகள், நழுவுது” என்றார் என்னிடம்.

நான் குனிந்து பிடித்தேன். எதைப் பிடித்தேன் என்று கேட்காதீர்கள், கெட்டியாகப் பிடித்தேன். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பதினோரு வருடம் கட்டிலையும் கதிரையையும் நகர்த்தியிருக்கிறேன். நான் விட்ட இடைவெளியில் ஒரு மனுஷி நடப்பதை அன்றுவரை பார்த்ததே இல்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

நானா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியை நடு அறையில் ஆட்டிவைப்பது எது என்று அவருக்குப் புரிந்ததோ என்னவோ, அவரும் செருப்பைக் கழற்றினார். “நானும் போய்ப் பாக்குறேன். எனக்குப் போக ஏலுமெண்டா யாருக்கும் ஏலும்” என்று வலப்பக்கம் நுழைந்தார். வயிறு டேப்புக்கு மேலே கொஞ்சம் எட்டிப் பார்த்தது. ஆனால் போனார். ஜன்னல் வரை போய், திரும்பி, வெற்றி பெற்றவர் போல வந்தார்.

“மகன் சோபாவுலயே படுக்கட்டும்” என்றார். “வருஷத்துல ரெண்டு கிழமதானே வாறான்.”

தாத்தா கைப்பையிலிருந்து போனை எடுத்தார். அக்குறணை எண்ணை அழுத்தினார். கேட்டவருக்குக் கொடுத்த வாக்கை மாற்றுவது அவருக்குச் சுலபமில்லை என்று முகமே சொன்னது. சலாம் சொன்னார், வீட்டார் சுகம் விசாரித்தார், பிள்ளைகளின் படிப்பு விசாரித்தார், மழை விசாரித்தார். நானா பொறுமையிழந்து கையால் ஜாடை காட்டினார். தாத்தா கண்ணை மூடிக்கொண்டார்.

“தங்கச்சி, லொறிய அனுப்ப வேணாம். என்ன மன்னிச்சுக்கோங்க, மேசைய தர ஏலாது... இல்ல இல்ல, வேற ஆளுக்குக் குடுக்கல்ல. எனக்கு வேணும். நான் இன்னும் தைக்கப் போறேன்.”

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ தெரியாது. தாத்தா கேட்டுக்கொண்டே இருந்தார், பிறகு வாய்விட்டுச் சிரித்தார். “அவ்வளவு துணிய வெட்டுறது தனியாச் செய்ய ஏலாத வேல. இங்க வாங்க, ரெண்டு பேருமா வெட்டுவோம். இடம் ஈக்கு” என்றார்.

நான் பையை எடுத்துக்கொண்டு குனிந்து டேப்பின் ஓரத்தை நகத்தால் நெருடினேன். புதுத் தரை, பசை பிடித்துவிடும்.

“தொடாதீங்க!” என்றார் தாத்தா. கடையில் நான் கத்துவதெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. “மேசை வாற வரைக்கும் அது அங்கயே ஈக்கட்டும்.”

விட்டுவிட்டேன். ஜன்னல் திறந்தே இருந்தது. அதைச் சாத்த நானா கதவுப் பக்கத்திலிருந்து கிளம்பினார். நேராகக் குறுக்கே போனால் நாலு எட்டுத்தான். முழங்கால் வலிக்காரர், எட்டு மிச்சம் பிடிக்கிறவர். ஆனாலும் அவர் டேப்பின் ஓரமாகச் சுற்றிப் போய், ஜன்னலைச் சாத்திவிட்டு, போன வழியிலேயே சுற்றித் திரும்பி வந்தார்.